நியான் மாக்கப்பில் வெளிச்சம் சுவரில் ஒட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

போன வருடம் ஒரு காபிக் கடைக்கு லோகோ செய்து கொடுத்தேன். செங்கல் சுவரில் மயில் நீலத்தில் ‘ஃபில்டர் காபி’ என்று நியான் எழுத்து, பக்கத்தில் கோட்டுப் படமாக ஒரு டம்ளர், டபரா. மாக்கப்பில் சுவர் முழுக்க நீலம் பொங்கி வழிந்தது, ஓனர் பார்த்த உடனே ஓகே சொல்லிவிட்டார். போர்டு மாட்டிய அன்று ராத்திரி போன் வந்தது. “தம்பி, நீங்க காட்டுன மாதிரி சுவரு எரியவே இல்லையே, லைட்ட கம்மியா போட்டுட்டாங்களா?”

லைட் கம்மியில்லை. தப்பு என் ஃபோட்டோஷாப் ஃபைலில் இருந்தது. அந்த ஃபைலைத் திரும்பத் திறந்து, ஒவ்வொரு இடமாக எங்கே பொய் சொல்லியிருக்கிறேன் என்று பார்த்ததில் தேறியதுதான் இது. உங்கள் படத்தில் என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் படித்துவிடுங்கள், ஏனென்றால் முக்கால்வாசிக் கோளாறு அந்த இரண்டில்தான் இருக்கிறது.

கணக்குக்காக என் ஃபைலின் அளவைச் சொல்லிவிடுகிறேன். படம் 4000 பிக்சல் அகலம், அதில் தெரியும் சுவர் 2 மீட்டர், ஆக 1 மில்லிமீட்டருக்கு 2 பிக்சல். டியூப் 10 மி.மீ. தடிமன், அதாவது 20 பிக்சல். டியூப்பின் நடுப்பகுதி சுவரிலிருந்து 30 மி.மீ. தள்ளி நிற்கிறது, அதாவது 60 பிக்சல். இந்தக் கடைசி எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள், அடிக்கடி வரும். உங்கள் படத்தில் அளவு வேறாக இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: ஒளிர்வு சுவரில் படாமல், சுவருக்கு முன்னால் பனிமூட்டம் மாதிரி நிற்கிறது

எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துக்குப் பக்கத்தில் 200 சதவீதத்துக்கு ஜூம் செய்து, செங்கலுக்கு நடுவே இருக்கும் சிமெண்ட் பூச்சுக் கோட்டைப் பாருங்கள். டியூப்பை நெருங்க நெருங்க அந்தக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கேதான் வெளிச்சம் அதிகம். உங்கள் படத்தில் அது மங்கி, மேலே நீலப் பால் ஊற்றியது போல இருந்தால் இந்தக் கோளாறுதான்.

காரணம் எளிது. நாம் எல்லோரும் பழகிய வழி, நிறத்தை எடுத்து ஒரு லேயரில் மங்கலாகத் தடவி, அதை `Screen` ஆக்கிச் சுவர் மேல் வைப்பது. `Screen` கீழே என்ன இருக்கிறது என்று அதிகம் கவலைப்படாமல் நிறத்தைக் கொட்டிவிடும். கறுப்பான இடுக்கும் நீலமாகிறது, சிவப்புச் செங்கலும் நீலமாகிறது. நிஜச் சுவர் அப்படியா? தன் மேல் விழுந்த வெளிச்சத்தில் தன்னால் திருப்பி அனுப்ப முடிந்ததை மட்டும்தான் அது அனுப்பும். சிவப்புச் செங்கல் சிவப்பாக இருப்பதே, நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால்தான். அதன் மேல் நீல லைட் அடித்தால் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

எண்ணாகவே பார்க்கலாம். என் செங்கலின் நிறம் ஏறக்குறைய (150, 80, 65). டியூப்பின் நீலம் (40, 160, 255). இரண்டையும் பெருக்கி 255ஆல் வகுத்தால் கிடைப்பது (24, 50, 65), அதாவது அழுக்கு நீலச் சாம்பல். அதே லைட் வெள்ளையடித்த சுவரில், (230, 228, 220) என்று வைத்துக்கொண்டால், (36, 143, 220) வருகிறது, பளீரென்ற நீலம். செங்கலுக்கே ஆரஞ்சு லைட் (255, 120, 30) அடித்திருந்தால் (150, 38, 8), தணல் மாதிரிச் சிவந்திருக்கும். ஓனர் போனில் புலம்பியதற்கு இந்த மூன்று வரிக் கணக்குதான் பதில். கடைசியில் எழுத்துக்குப் பின்னால் மட்டும் சுவரில் ஒரு பட்டைக்குக் கிரீம் நிற பெயிண்ட் அடித்தோம், போர்டு உயிர் பெற்றது. மாக்கப்பிலேயே இது தெரிந்திருந்தால் அந்த ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சரி, எப்படிச் சரிசெய்வது. சுவர் லேயரை நகல் எடுங்கள். அடியில் இருக்கும் அசல் சுவரை `Exposure` அட்ஜஸ்ட்மென்ட் வைத்து -2.5 அளவுக்கு இருட்டாக்குங்கள், இது இரவுச் சுவர். நகலை இருட்டாக்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் இருக்கிறபடியே அதை ஒரு `Group`-க்குள் போடுங்கள். அதே குரூப்புக்குள் நகலுக்கு மேலே, முழுக் கறுப்பு நிரப்பிய லேயரில் உங்கள் ஒளிர்வை வரைந்து அதற்கு `Multiply` கொடுங்கள். இப்போது குரூப்புக்குள் மட்டும் பார்த்தால், வெளிச்சம் விழும் இடத்தில் செங்கல் தெரியும், மற்ற இடமெல்லாம் கறுப்பு. கடைசியாகக் குரூப்பையே `Pass Through`-இலிருந்து `Screen` ஆக்குங்கள். கறுப்பு எதையும் கூட்டாது, வெளிச்சம் பட்ட செங்கல் மட்டும் இரவுச் சுவர் மேல் வந்து சேரும்.

அதே `Screen`தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் இப்போது சேர்வது வெறும் நிறம் இல்லை, அந்த நிற வெளிச்சத்தில் தெரியும் சுவர். வித்தியாசம் மொத்தமும் அதில்தான். `Linear Dodge (Add)` போடச் சொல்லி நிறைய பேர் சொல்வார்கள். 32 பிட் ஃபைலில் அதுதான் சரி, அங்கே `Screen` கிடையவும் கிடையாது. சாதாரண 8 அல்லது 16 பிட் ஃபைலில் அது தேவைக்கு மேல் கூட்டி, டியூப்பைச் சுற்றி எரித்துவிடுகிறது. `Color Settings`-இல் `Blend RGB Colors Using Gamma` என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் கூட்டல் கணக்கு சரியாகும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த செட்டிங் உங்கள் மெஷினோடு நின்றுவிடும், ஃபைலை வாங்கித் திறப்பவருக்கு வேறு படம் தெரியும். நான் ஒருமுறை சூடுபட்டு அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்று, நகலுக்கு எடுக்கும் சுவர் போட்டோ மேகமூட்டமான நாளில் எடுத்ததாக இருக்கட்டும். வெயிலில் எடுத்த சுவரில் நிழல்கள் ஏற்கனவே ஒரு பக்கமாக விழுந்திருக்கும். ராத்திரி நியான் வெளிச்சத்தில் மாலை வெயில் நிழல் தெரிந்தால், பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்பார்.

அறிகுறி 2: ஒளிர்வு எழுத்தைச் சுற்றி ஒரு பட்டையாக வந்து சட்டென்று முடிந்துவிடுகிறது

இது `Outer Glow` நோய். அந்த ஸ்டைலின் `Size` 250 பிக்சலோடு நின்றுவிடும். 1000 பிக்சல் இன்ஸ்டாகிராம் படத்தில் அது தாராளம், 4000 பிக்சல் படத்தில் எழுத்துக்கு மஃப்ளர் சுற்றியது மாதிரி. அதை விடப் பெரிய சிக்கல், ஒரே ஒரு மங்கலாக்கத்தை வைத்து வெளிச்சத்தைக் காட்ட நினைப்பது. `Gaussian Blur` எவ்வளவு பெரிதாகக் கொடுத்தாலும் அதன் சரிவு தொப்பை மாதிரி, நடுவில் உப்பி ஓரத்தில் வேகமாகச் செத்துவிடும். நிஜ வெளிச்சம் வேறு மாதிரி: டியூப்புக்குப் பின்னால் கூர்மையாக உயர்ந்து, அப்புறம் விடாமல் நீண்ட வால் போலப் போய்க்கொண்டே இருக்கும்.

ஏன் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். நீளமான டியூப்பின் வெளிச்சம் தூரத்துக்கு ஏற்பக் குறைகிறது, அதோடு தள்ளிப் போகப் போகச் சுவர் மேல் சாய்வாக விழுவதால் இன்னொரு முறை குறைகிறது. இரண்டும் சேர்ந்தால், டியூப் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தூரம் பக்கவாட்டில் போனால் பாதி, அதைப் போல மூன்று மடங்கு போனால் பத்தில் ஒன்று. என் படத்தில் அந்தத் தூரம் 60 பிக்சல். ஆக 60 பிக்சலில் பாதி, 180-இல் பத்தில் ஒன்று.

பாதி என்றால் 128 என்று போட்டுவிடாதீர்கள். ஸ்கிரீனில் காட்டும் எண் வெளிச்சத்தின் அளவு இல்லை, கண்ணுக்கு ஏற்றபடி வளைத்த எண். பாதி வெளிச்சம் என்பது ஏறக்குறைய 188, பத்தில் ஒன்று என்பது 89. இன்னும் தள்ளி 300 பிக்சலில் 55, 600 பிக்சலில்கூட 25 மிச்சமிருக்கும். அந்த 25-தான் நம்மில் பெரும்பாலோர் தொலைத்துவிடுவது. இருட்டுச் சுவரில் அது கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டால் எழுத்து மட்டும் வெட்டி ஒட்டியது போல நிற்கும்.

இதை வரைவதற்கு நான் செய்வது: டியூப் லேயரை வெள்ளையாக்கி மூன்று நகல் எடுக்கிறேன். முதலாவதற்கு `Gaussian Blur` 40, இரண்டாவதற்கு 150, மூன்றாவதற்கு 400. மெல்லிய கோட்டை இவ்வளவு மங்கலாக்கினால் அது கிட்டத்தட்டக் காணாமல் போகும், பயப்பட வேண்டாம், `Levels`-இல் வெள்ளைப் புள்ளியை இழுத்து உச்சத்தை மீட்டுக்கொள்ளலாம். முதலாவதன் உச்சம் 200, இரண்டாவது 110, மூன்றாவது 50. மூன்றையும் கறுப்பின் மேல் `Screen`-இல் வைத்தால் மேலே சொன்ன எண்களுக்குப் பக்கத்தில் வந்துவிடும். எழுத்தின் வெளி ஓரத்திலிருந்து சுவர்ப் பக்கம் கர்சரை நகர்த்தி, `Info` பேனலில் எண்ணைப் படித்துச் சரிபாருங்கள். எழுத்துகளுக்கு நடுவில் அளக்காதீர்கள், அங்கே இரண்டு மூன்று டியூப்பின் வெளிச்சம் சேர்ந்து எண் ஏறித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாக்கி நிறம் கொடுத்ததுதான், முதல் அறிகுறியில் சொன்ன `Multiply` லேயர்.

இந்தக் கணக்கு நீளமான கோட்டுக்குப் பொருந்துவது. போர்டின் அகலத்தை விட அதிக தூரம் தள்ளிப் போனால், அங்கிருந்து பார்க்க மொத்தப் போர்டும் ஒரு பல்ப் மாதிரிதான், வெளிச்சம் இன்னும் வேகமாகக் குறையும். எதிர்ச் சுவர், தூரத்துத் தரை இவற்றுக்கு இதை நீட்டாதீர்கள், கொஞ்சமாகக் கையால் தடவினால் போதும்.

அறிகுறி 3: எல்லாம் சரி, ஆனால் போர்டு காற்றில் மிதக்கிறது

முதலில், கறுப்பு `Drop Shadow` போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எரிகிற டியூப்புக்குத் தன் வெளிச்சத்தில் நிழல் கிடையாது, அதற்கு நேர் பின்னால்தான் சுவர் அதிகம் பிரகாசிக்கும். நிழல் விழுவது எரியாத பொருள்களுக்கு: பிடிமானக் கிளிப், ஒயர், எழுத்துக்கு எழுத்து டியூப்பைக் கொண்டுபோகும்போது கறுப்பு பெயிண்ட் அடித்து மறைக்கும் பகுதி. இவற்றில் நாலு கிளிப்பும் ஒரு ஒயரும் வரைந்தாலே பாதி மிதப்பு அடங்கிவிடும்.

மீதிப் பாதி கோணத்தில் இருக்கிறது. நேர் எதிரில் நின்று எடுத்த படமானால் ஒளிர்வின் மையமும் டியூப்பும் ஒரே இடத்தில் இருக்கலாம். பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ எடுத்த படமானால் இரண்டும் விலக வேண்டும், ஏனென்றால் டியூப் சுவரை விட்டு முன்னால் நிற்கிறது. எந்தப் பக்கம் விலகும் என்பதில்தான் தடுமாறுவோம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் பார்வை டியூப்பைக் கடந்து சுவரில் இன்னும் உயரமான ஓர் இடத்தில் போய் முட்டும். அதாவது படத்தில் டியூப் மேலே ஏறித் தெரியும், ஒளிர்வின் மையம் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும். இடது பக்கம் நின்று எடுத்தால் ஒளிர்வு டியூப்புக்கு இடது பக்கம் தெரியும். எவ்வளவு? 30 மி.மீ. இடைவெளிக்கு, 30 டிகிரி கோணத்தில் 17 மி.மீ., என் படத்தில் ஏறக்குறைய 35 பிக்சல். இந்த 35 பிக்சலை நகர்த்தியதும் போர்டு சுவரை விட்டுச் சரியான அளவு முன்னால் வந்து உட்காரும், பார்க்கவே சுகமாக இருக்கும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. சாய்ந்த சுவரென்றால் ஒளிர்வை நேர்ப் பார்வையில் முழுக்க முடித்து, `Smart Object` ஆக்கி, அதன் பிறகு `Distort` செய்யுங்கள். சாய்த்த எழுத்தின் மேல் மங்கலாக்கினால் ஒளிர்வு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும், சுவர் மட்டும் சாய்ந்திருக்கும், அப்புறம் என்ன செய்தாலும் ஒட்டாது.

அறிகுறி 4: டியூப் எரிகிற மாதிரி இல்லை, கலர் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது

டியூப் முழுக்க ஒரே நீலம் என்றால் அப்படித்தான் தெரியும். கேமரா இருட்டுக்கு ஏற்பத் திறந்திருக்கும்போது டியூப்பின் நடுப்பகுதி அதற்குத் தாங்காது, வெள்ளைக்குப் பக்கத்தில் போய்விடும், நிறம் ஓரத்தில் மட்டும் தங்கும். 20 பிக்சல் தடிமனில் (0, 170, 255) நிறக் கோடு, அதன் மேல் 6 பிக்சலில் (215, 245, 255) கோடு, மேல் கோட்டுக்கு மட்டும் 2 பிக்சல் மங்கல், இவ்வளவு போதும்.

எல்லா நிறத்துக்கும் நடுவில் சுத்த வெள்ளை போடுவது அடுத்த தப்பு. அசல் நியான் வாயு தரும் செம்மஞ்சளில், சிவப்புதான் கேமராவில் முதலில் நிரம்பி வழியும், பச்சை பின்னால் ஏறி வரும், நீலம் மிகக் குறைவு. அதனால் நடுப்பகுதி (255, 215, 170) மாதிரி வெளிறிய ஆரஞ்சாகத்தான் இருக்கும். அங்கே வெள்ளை போட்டால் டியூப்லைட்டுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றியது போல ஆகிவிடும். நீலமும் பச்சையும் வேறு கதை, அவை பெரும்பாலும் ஆர்கானும் பாதரசமும் நிரப்பி, பல நிறங்களுக்கு உள்ளே பாஸ்பர் பூசிய குழாய்கள். பேச்சு வழக்கில் எல்லாமே நியான்.

தமிழ் எழுத்துக்கென்று தனியாக ஒரு பிரச்சினை இருக்கிறது. ஃபான்ட்டை அடித்து அதன் வெளிக்கோட்டை டியூப்பாக்கினால் ஒவ்வொரு எழுத்தும் இரட்டைக் கோடாக வரும், சுழிகள் அடைத்துக்கொள்ளும், அந்தப் போர்டை யாராலும் வளைத்துச் செய்ய முடியாது. டியூப் ஒரே தடிமனுள்ள ஒற்றைக் கோடு. எழுத்தின் நடுவழியே `Pen Tool`-ஆல் பாதை வரைந்து, முனை உருண்டையாக `Stroke` கொடுங்கள். ‘ஃபில்டர்’ என்பதில் ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் ‘ல்’, ‘ர்’ மேல் இருக்கும் புள்ளிகளும் தனித்தனிக் குட்டி வளையங்களாக வர வேண்டும், அவற்றுக்கு ஒயர் எப்படிப் போகும் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே படம் நிஜமாகத் தொடங்கும்.

இப்போது கடைகளில் மாட்டுவது பெரும்பாலும் கண்ணாடிக் குழாய் இல்லை, அக்ரிலிக் ஷீட்டில் பதித்த எல்.இ.டி. நியான் ஃபிளெக்ஸ். கண்ணாடிக் குழாய் எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும், ஃபிளெக்ஸ் பெரும்பாலும் முன்பக்கம்தான். ஆக வாடிக்கையாளர் ஃபிளெக்ஸ் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால், சுவர் ஒளிர்வு குரூப்பின் `Opacity`-ஐ 50 பக்கம் இறக்குங்கள். படம் கொஞ்சம் டல்லாகும், பரவாயில்லை, பின்னால் போன் வராது.

அறிகுறி 5: லைட் பாக்ஸைச் சுற்றி ஒளிர்வு போட்டேன், ஏதோ தேவலோகப் படம் மாதிரி இருக்கிறது

இதை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். சுவரோடு தட்டையாக மாட்டிய கிளோ சைன் போர்டை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் மூடிய பெட்டி, முன்பக்கம் மட்டும் பால் நிற அக்ரிலிக் முகப்பு. அந்த முகப்பிலிருந்து வெளிச்சம் முன்னால்தான் போக முடியும், பின்னால் திரும்பி சுவரில் விழ வழியே இல்லை. அப்படியென்றால் பெட்டியைச் சுற்றி நீங்கள் போட்ட வட்டம் எங்கிருந்து வந்தது?

சுவரில் இருந்து ஒளிர்வை எடுத்துவிட்டு, முன்னால் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். போர்டுக்குக் கீழே தரை, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட்டின் அடிப்பக்கம், பக்கத்தில் சுவரை விட்டு வெளியே வரும் தூண், நிறுத்தியிருக்கும் பைக்கின் டேங்க். வெளிச்சம் விழ வேண்டியது இவற்றில். தரை சொரசொரப்பான சிமெண்ட் என்றால் பரந்த மங்கலான வெளிச்சம், வழவழப்பான டைல்ஸ் அல்லது மழை ஈரம் என்றால் தலைகீழ்ப் பிம்பம். அந்தப் பிம்பம் சுவரின் அடியில் கொஞ்சம் தெளிவாக ஆரம்பித்து, நம்மை நோக்கி வர வர இன்னும் கலங்க வேண்டும். முதல் அறிகுறியில் சொன்ன அதே குரூப் முறைதான் தரைக்கும், தரையின் நகலை வைத்துச் செய்யுங்கள்.

சுவரில் ஒளிர்வு நியாயமாக வரும் இடம் இரண்டு. ஒன்று, பின்பக்கம் திறந்து வெளிச்சத்தைச் சுவரில் விடும் ஹேலோ எழுத்துகள். அங்கே எழுத்தின் முகம் இருட்டாக இருக்க வேண்டும், இரண்டையும் எரியவிட்டால் குழப்பம். இன்னொன்று, சுவரிலிருந்து செங்குத்தாகத் தெருப்பக்கம் நீட்டும் இரட்டை முகப் பெட்டி. அதன் இரண்டு முகங்களும் சுவருக்குச் செங்குத்தாக நிற்பதால் இரு பக்கச் சுவரிலும் வெளிச்சம் சாய்வாக விழும்.

பெட்டியைச் சுற்றி லேசாக ஒரு மினுமினுப்பு போட்டோவில் தெரியத்தானே செய்கிறது என்பீர்கள். தெரியும், அது லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சம், சுவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோதிக்க வழி: போர்டுக்கு முன்னால் ஒரு செடித்தொட்டி இருந்தால், லென்ஸ் மினுமினுப்பு அதன் இலை மேலும் படியும், சுவர் வெளிச்சம் இலைக்குப் பின்னால் நின்றுவிடும். அதனால் இரண்டையும் ஒரே லேயரில் போடாதீர்கள். லென்ஸ் மினுமினுப்பு எல்லாவற்றுக்கும் மேலே, தனி `Screen` லேயராக, 10 முதல் 15 சதவீதம். அதற்கு மேல் போனால் முதல் அறிகுறிக்கே திரும்பிவிடுவீர்கள்.

பெட்டியின் முகத்தை வெள்ளையாக எரிக்கவும் கூடாது. லோகோவின் நிறம் படிக்கத் தெரிய வேண்டும், நடுவை விட ஓரங்களும் மூலைகளும் ஒரு துளி இருட்டாக இருக்க வேண்டும்.

அறிகுறி 6: வெளிச்சம் விழுகிறது, செங்கல் மட்டும் வால்பேப்பர் மாதிரி தட்டையாக இருக்கிறது

போர்டுக்கு மேலே இருக்கும் செங்கலுக்குக் கீழிருந்து வெளிச்சம் வருகிறது, அதன் கீழ் விளிம்பு மின்ன வேண்டும். போர்டுக்குக் கீழே இருப்பதற்கு மேல் விளிம்பு. சுவர் நகலை இன்னொரு முறை நகலெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, `Emboss` கொடுத்து, குரூப்புக்குள் சுவர் நகலுக்கு நேர் மேலே `Overlay`-இல் வையுங்கள். மேல் பாதிக்கு ஒன்று, கீழ் பாதிக்கு எதிர்க் கோணத்தில் ஒன்று, மாஸ்க் வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கோண எண்ணை மனப்பாடம் செய்யாமல், டயலைச் சுற்றி எந்த விளிம்பு மின்னுகிறது என்று கண்ணால் பார்ப்பதே நல்லது.

ஒரு பொறி: `Emboss`-க்கு மேடு பள்ளம் தெரியாது, வெளுப்பாக இருப்பதை மேடு என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் சுவரில் சிமெண்ட் கோடு செங்கலை விட வெளுப்பாக இருந்தால், பள்ளமான கோடு பிதுங்கி வெளியே வரும். `Emboss`-க்கு முன்னால் `Ctrl+I` அடித்துத் தலைகீழாக்கிவிடுங்கள்.

அறிகுறி 7: வழவழப்பான சுவரில் ஒளிர்வு படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகிறது

நம் மூன்றாவது மங்கல் 50-இலிருந்து பூஜ்யத்துக்கு ஏறக்குறைய 1000 பிக்சலில் இறங்குகிறது. 8 பிட்டில் நடுவே 50 படிதான், ஒரு படி 20 பிக்சல் அகலம், கண்ணுக்குத் தெரியாமல் என்ன செய்யும். ஃபைலை 16 பிட்டில் செய்யுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள், JPEG ஆகும்போது மறுபடி 8 பிட்தான். ஒளிர்வு லேயரிலேயே `Add Noise`, 1 சதவீதம், `Gaussian`, `Monochromatic`. செங்கல் சுவருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது, சுவரின் சொரசொரப்பே படிகளை மறைத்துவிடும். பெயிண்ட் அடித்த சுவருக்கு அவசியம்.

அறிகுறி 8: ஸ்கிரீனில் எரிந்தது, பிரிண்டில் அணைந்துவிட்டது

இதற்கு மருந்து இல்லை. பளீரென்ற நீலமும் பச்சையும் CMYK மையில் கிடைக்காது. பிரிண்ட்டிலும் எரிகிற மாதிரி தோன்ற வேண்டுமென்றால் டியூப்பை விட்டுவிட்டு சுற்றுப்புறத்தை இருட்டாக்குங்கள், அடிச் சுவரின் `Exposure`-ஐ -2.5-இலிருந்து -3.5 பக்கம் கொண்டுபோங்கள். `View` மெனுவில் `Proof Colors` போட்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். முடிந்தால் வாடிக்கையாளருக்குப் பிரிண்ட்டே கொடுக்காமல், sRGB-க்கு மாற்றிய JPEG-ஐ அனுப்புங்கள், அதுவும் வெயிலில் நின்றுகொண்டு திறந்து பார்க்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்து. என் காபிக் கடை ஓனர் இரண்டாவது மாக்கப்பை மத்தியானம் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இப்ப ரொம்ப இருட்டா இருக்கே தம்பி” என்றார்.